நாலு அடுக்கு கார்பன் தகடு ஓவனில் இருந்து ஓடு மாதிரி வளைந்து வருகிறது. ஏன்?

தறிக்காரன் | அக்டோபர் 6, இரவு 10.40

ட்ரோனுக்கு அடித்தட்டு செய்கிற சின்னப் பட்டறை. 200க்கு 200 மி.மீ. சதுரம், கார்பன் பிரிப்ரெக், எல்லா இழையும் ஒரே திசையில் ஓடுகிற வகை. ஓர் அடுக்கு 0.125 மி.மீ., நாலு அடுக்கு போட்டு மொத்தம் அரை மி.மீ. வேக்வம் பேக் போட்டு 120 டிகிரியில் ஒரு மணி நேரம். இதுவரை முப்பது தகடாவது போட்டிருப்பேன், எல்லாம் கண்ணாடி மாதிரி தட்டையாகத்தான் வந்தன.

இன்றைக்கு வந்தது கூரை ஓடு. மேஜையில் கவிழ்த்து வைத்தால் நடுவில் 19 மி.மீ. தூக்கி நிற்கிறது. பையைப் பிரிக்கும்போதே மோல்டை விட்டுத் துள்ளி எழுந்தது. அதைவிட வேடிக்கை, கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ‘டப்’பென்று எதிர்ப்பக்கம் மாறிக்கொள்கிறது. மாறும்போது முன்பு கிழக்கு மேற்காக வளைந்திருந்தது இப்போது வடக்கு தெற்காக வளைகிறது. திரும்ப அழுத்தினால் பழைய நிலை. பையன்கள் சாயங்காலம் முழுக்க அதை வைத்து டப் டப்பென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் எரிச்சல்.

ரெசின் கெட்டுப்போனதா, ஓவன் கெட்டுப்போனதா?

---

வேகம்99 | அக்டோபர் 6, இரவு 11.05

வேகமா ஆற வெச்சிருப்பீங்க ப்ரோ. ஒரு பக்கம் முதல்ல ஆறி, இன்னொரு பக்கம் லேட்டா ஆறினா வளையும். நிமிஷத்துக்கு ஒரு டிகிரின்னு மெதுவா இறக்குங்க, தட்டையா வந்துடும். எங்க காலேஜ் லேப்ல இதான் சொல்லிக் கொடுத்தாங்க.

---

பழைய ஆட்டோகிளேவ் | அக்டோபர் 7, காலை 6.20

ரெசினும் சரி, ஓவனும் சரி. அடுக்கிய வரிசை என்ன? அதைச் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள்.

---

தறிக்காரன் | அக்டோபர் 7, மதியம் 1.15

வழக்கமான வரிசைதான் சார். 0, 90, 90, 0.

---

தறிக்காரன் | அக்டோபர் 7, மாலை 6.50

மேலே எழுதியது தப்பு. நேற்று அடுக்கியது புதுப் பையன். கூப்பிட்டு விசாரித்தேன். “அண்ணே, ரெண்டு நேர், ரெண்டு குறுக்கு, அதான போட்டேன்” என்கிறான். 0, 0, 90, 90. எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது, அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. தாளில் நான் எழுதிக் கொடுத்ததே “0 - 2, 90 - 2” என்றுதான்.

ஆனாலும் புரியவில்லை. அதே நாலு அடுக்கு, அதே ரெசின், அதே சூடு. வரிசை மாறினதற்கு இவ்வளவு கோபமா?

---

பழைய ஆட்டோகிளேவ் | அக்டோபர் 7, இரவு 9.30

இவ்வளவு கோபம்தான். ஒரே ஓர் அடுக்கைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். 120இல் இருந்து அறைச் சூட்டுக்கு ஆறும்போது இழை ஓடும் திசையில் அது சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். கார்பன் இழை சூட்டுக்கு அசைந்து கொடுக்காது, உண்மையில் சூடானால் நீளவாக்கில் ஒரு துளி சுருங்கும். இழைக்குக் குறுக்கே போனால் அங்கே இழுத்துப் பிடிக்க ஆளில்லை, ரெசின் தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். உங்கள் தகட்டில் அந்தச் சுருக்கம் 200 மி.மீ.க்கு அரை மி.மீ. அளவில் இருக்கும்.

இப்போது ஒரு திசையில் மட்டும் பாருங்கள். கீழ் இரண்டு அடுக்கு அந்தத் திசையில் சுருங்க மறுக்கிறது, மேல் இரண்டு அடுக்கு அரை மி.மீ. சுருங்கப் பார்க்கிறது. 120 டிகிரியில் இரண்டும் ஒன்றாக ஒட்டி இறுகிவிட்டன, தனித்தனியே போக வழியில்லை. சுருங்குகிற பக்கம் உட்குழிந்து வளைந்தால்தான் இரண்டுக்கும் ஓரளவு நிம்மதி. இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட் பட்டை வளைவதும் இதே காரணத்தால்தான், அங்கே இரண்டு உலோகம், இங்கே ஒரே பொருள் இரண்டு திசையில்.

0, 90, 90, 0 போட்டால் நடுவில் உள்ளவை சுருங்கப் பார்க்கும், இரண்டு ஓரமும் ஒரே அளவு எதிர்க்கும். மேலே இழுப்பதும் கீழே இழுப்பதும் சமம், வளைய எந்தப் பக்கமும் இல்லை.

---

மரவேலை | அக்டோபர் 8, காலை 7.45

கார்பன் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா பீரோ கதவுக்கு ஒரு பக்கம் மட்டும் சன்மைக்கா ஒட்டி, பின்பக்கம் செலவு மிச்சம்னு சும்மா விட்டா ரெண்டு மாசத்துல கதவு வில்லா வளையும். அதுக்குத்தான் பின்னாடியும் மட்டமான ஷீட்டாவது ஒட்டுவோம். பிளைவுட்டும் மூணு, அஞ்சு, ஏழுன்னு ஒத்தைப்படையிலதான் வரும், கவனிச்சிருக்கீங்களா? நடு ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். இதை என் அப்பா ஸ்கேல் பிடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிக்கொடுத்தது.

---

தறிக்காரன் | அக்டோபர் 8, காலை 9.10

அண்ணே, இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு தகடு மிச்சம்.

---

வேகம்99 | அக்டோபர் 8, இரவு 8.00

ஆனா ரெண்டு 0, ரெண்டு 90ன்னா பேலன்ஸ்டுதானே? பேலன்ஸ்டு லேமினேட் வளையாதுன்னு படிச்சிருக்கேன். அப்புறம் கூலிங் ரேட் பாயின்ட்டை நான் இன்னும் விடல.

---

ரேகை | அக்டோபர் 8, இரவு 10.20

இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொண்டீர்கள். சமநிலை என்பது எண்ணிக்கைக் கணக்கு: +45 எத்தனையோ அத்தனை -45. சமச்சீர் என்பது இடக் கணக்கு: நடுவில் கண்ணாடி வைத்தால் மேல் பாதியின் பிம்பம் கீழ் பாதியாக இருக்க வேண்டும். முதலாவது இருந்தால், தகட்டை நேராக இழுக்கும்போது அது பக்கவாட்டில் சரியாது. ஓவனில் இருந்து தட்டையாக வருவதற்கு இரண்டாவதுதான் தேவை. தராசில் இரண்டு பக்கமும் நாலு படிக்கல் இருந்தும், ஒரு பக்கம் கயிறு முள்ளுக்குக் கிட்டே கட்டியிருந்தால் தராசு சாயும், அதுபோல.

கூலிங் ரேட்டைப் பற்றி: மெதுவாக ஆற்றினால் தகடு முழுக்க ஒரே சூடாக இறங்கும். ஆனால் அரை மி.மீ. தகட்டில் மேலுக்கும் கீழுக்கும் சூட்டு வித்தியாசம் எப்படியும் ஒன்றுமில்லை. மேல் அடுக்கு சுருங்கப்போகிற மொத்த அளவு 120இல் இருந்து 28 வரை இறங்குவதைப் பொறுத்தது, ஒரு மணியில் இறங்கினாலும் ஒரு ராத்திரியில் இறங்கினாலும் அதே 92 டிகிரிதான். தடித்த பாகங்களில் வேகம் முக்கியம், அந்த வகையில் உங்கள் லேப் சொன்னதில் பாதி சரி.

---

படகுத்துறை | அக்டோபர் 9, காலை 5.50

நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் போட் ரிப்பேர் செய்கிறேன். எங்களிடம் ஓவனே கிடையாது. பாலியெஸ்டர் ரெசின், கையால் தேய்ப்பது, வெயிலில் காய்வது. 120க்குச் சூடாக்கவே இல்லை, ஆறுவதற்கு என்ன இருக்கிறது? ஆனால் எங்கள் மூடிப் பலகையும் வளைகிறதே. ஒரு பக்கம் மேட், மறுபக்கம் நெய்த ரோவிங் போட்டால் கட்டாயம் வளையும். அப்போது உங்கள் சூட்டுக் கதை எங்கே போச்சு?

---

பழைய ஆட்டோகிளேவ் | அக்டோபர் 9, இரவு 9.00

நல்ல கேள்வி, நான் பாதியைச் சொல்லாமல் விட்டேன். ரெசின் ஆறுவதால் மட்டும் சுருங்குவதில்லை, இறுகும்போதே சுருங்குகிறது. பாலியெஸ்டரில் அது மிக அதிகம், கன அளவில் ஏழு எட்டு சதவீதம் வரை போகும். எபாக்ஸியில் அதைவிடக் குறைவு. இதில் ரெசின் தண்ணீராக இருக்கும்போது சுருங்கியது யாரையும் இழுக்காது. அல்வா பதத்துக்கு வந்த பிறகு சுருங்குகிற மிச்சம்தான் இழைகளை இழுக்கும். மேட் பக்கம் ரெசின் அதிகம், இழை குறைவு, அதனால் அந்தப் பக்கம் கூடுதலாகச் சுருங்கும். நீங்கள் பார்த்த வளைவில் மேட் பக்கம் குழிந்திருந்ததா?

---

படகுத்துறை | அக்டோபர் 10, காலை 6.05

ஆமாம். மேட் பக்கம்தான் உள்ளே. இருபது வருஷமாக மேட் பக்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று: கேட்டலிஸ்ட் அதிகம் விட்டால் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். ஓவன் இல்லை என்று சொன்னதை அரைவாசி திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

---

தறிக்காரன் | அக்டோபர் 11, மதியம் 3.30

லீவு நாள். பட்டறையில் யாரும் இல்லாததால் ஓவனில் கண்ணாடி ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன். வளைந்த தகட்டை மேஜையில் கவிழ்ப்பது போலவே உள்ளே வைத்து, பின்னால் ஸ்டீல் ஸ்கேல் நிறுத்தி, மெதுவாகச் சூடேற்றினேன்.

28 டிகிரியில் 19 மி.மீ. உயரம். 75க்கு வந்தபோது 9, 10 இருக்கும், ஜன்னல் வழியே அதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல முடியாது. 115 தாண்டியதும் கிட்டத்தட்ட மேஜையோடு படுத்துவிட்டது. வெளியே எடுத்தால் நம் கண் முன்னாலேயே மெல்ல எழுந்து உட்காருகிறது. தகட்டுக்குத் தான் எந்தச் சூட்டில் பிறந்தது என்பது நினைவிருக்கிறது போல. ஓவனில் இருக்கும்போது அது தட்டை, நாம்தான் அதைக் குளிரில் வெளியே கொண்டு வந்து வளைக்கிறோம்.

வேகம் தம்பிக்காக இன்னொன்றும் செய்தேன். அதே தப்பான வரிசையில் புதிதாக ஒன்று போட்டு ராத்திரி முழுக்க ஓவனுக்குள்ளேயே ஆறவிட்டேன். 18.5. அரை மி.மீ. உங்களுக்கு.

---

வேகம்99 | அக்டோபர் 11, மாலை 4.10

அரை மி.மீ.ன்னாலும் வெற்றி வெற்றிதான் ப்ரோ.

---

ரேகை | அக்டோபர் 12, இரவு 11.15

19 மி.மீ. என்பதைக் கணக்கில் பிடிக்க முடிகிறதா என்று பார்த்தேன். இரட்டை உலோகப் பட்டைக்கு 1925இல் டிமோஷென்கோ போட்ட கணக்கையே இதற்கும் போடலாம், இரண்டு பாதியும் சம தடிமன் என்பதால் சுலபமாகச் சுருங்குகிறது:

```
R = h (14 + n + 1/n) / (24 × Δα × ΔT)

h  = 0.5 மி.மீ.
n  = 135 / 9 = 15
Δα = 28e-6
ΔT = 120 - 28 = 92
R  ≈ 235 மி.மீ.
```

n என்பது இழைத் திசை விறைப்பு குறுக்குத் திசை விறைப்பைப் போல எத்தனை மடங்கு என்பது. Δα என்பது டிகிரிக்குச் சுருங்கும் அளவில் உள்ள வித்தியாசம். 135, 9, 28 மூன்றும் இந்த வகை கார்பன்-எபாக்ஸிக்குப் பொதுவாக எடுக்கிற மதிப்புகள், உங்கள் பிரிப்ரெக்குக்குக் கொஞ்சம் மாறும். 235 ஆரமுள்ள உருளையில் இருந்து 200 மி.மீ. துண்டை வெட்டினால் நடு உயரம் 200 × 200 / (8 × 235), அதாவது 21 மி.மீ. நீங்கள் அளந்தது 19. கையால் அடுக்கிய தகட்டுக்கு இது போதும்.

இதில் ரெசின் இறுகும்போது வந்த சுருக்கத்தை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் 21 இன்னும் ஏறும், அளந்ததில் இருந்து விலகும். அதனால் ஏதோ ஒன்று எதிர்ப்பக்கம் குறைக்கிறது. என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

---

தறிக்காரன் | அக்டோபர் 13, காலை 8.20

கணக்கு சரி. ஆனால் எனக்கு வேறொன்று உறுத்துகிறது. ஆட்டோகிளேவ் சார் சொன்ன கதையை இரண்டு திசைக்கும் போட்டுப் பார்த்தேன். கிழக்கு மேற்கில் மேல் அடுக்கு சுருங்குகிறது, அதனால் கிண்ணம் மாதிரி மேலே குழிய வேண்டும். வடக்கு தெற்கில் கீழ் அடுக்கு சுருங்குகிறது, அதனால் குடை மாதிரி கீழே குழிய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் குதிரைச் சேணம் அல்லவா வர வேண்டும்? எனக்கு வந்தது ஓடு. ஒரு திசையில் சுத்தமாக நேராக இருக்கிறது, ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

---

பழைய ஆட்டோகிளேவ் | அக்டோபர் 13, இரவு 9.40

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பாடப்புத்தகக் கணக்கு சேணத்தைத்தான் சொல்லும். 1981இல் ஹையர் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரை இதைப் பற்றியதுதான்: மெல்லிய சமச்சீரற்ற தகடுகள் சேணமாக வராமல் உருளையாக வருகின்றன, சிலவற்றுக்கு இரண்டு உருளை உண்டு, ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குத் தாவும் என்று.

ஒரு தாளை எடுத்து ஒரு பக்கம் வளையுங்கள். வளைந்தபடியே பிடித்துக்கொண்டு குறுக்கே இன்னொரு பக்கம் வளைக்கப் பாருங்கள். முடியாது, கசங்கும். இரண்டு திசையிலும் வளைய வேண்டுமென்றால் தாள் எங்கோ நீள வேண்டும், எங்கோ சுருங்க வேண்டும். மெல்லிய தகட்டுக்கு வளைவது சுலபம், நீள்வது கஷ்டம். ஆகவே இரண்டு ஆசையில் ஒன்றைக் கைவிடுகிறது. எதைக் கைவிடுவது என்பதில் அதற்கு விருப்பு வெறுப்பு இல்லை, இரண்டும் சமம். அதனால்தான் உங்கள் பையன்களுக்கு டப் டப் விளையாட்டு.

ஒரு அடையாளம் சொல்கிறேன். குழிந்த பக்கத்தைப் பாருங்கள். அங்கே தெரிகிற இழை, குழாயின் நீளவாக்கில் ஓடும். டப்பென்று மாற்றிவிட்டு மறுபடி குழிந்த பக்கத்தைப் பாருங்கள். இப்போது வேறு அடுக்கு, வேறு திசை, ஆனாலும் குழாயின் நீளவாக்கில்தான். அப்படி இல்லை என்றால் உங்கள் வளைவுக்கு அடுக்கு வரிசை காரணம் இல்லை, வேறெங்காவது தேடுங்கள்.

---

ரேகை | அக்டோபர் 13, இரவு 10.05

ஒரு சின்னச் சேர்க்கை. எல்லா அளவிலும் உருளை வராது. தகடு சின்னதாக இருந்தால் சேணத்துக்குத் தேவைப்படும் நீட்டலும் சின்னது, தகடு அதைத் தாங்கிக்கொள்ளும். பக்கம் நீள நீள அந்த நீட்டல் மிக வேகமாக ஏறி, ஓர் அளவுக்கு மேல் கட்டுப்படியாகாமல் போகிறது. தறிக்காரன், அந்தத் தகட்டில் இருந்து 30 மி.மீ. சதுரம் வெட்டிப் பாருங்கள். தடிமன் கூடினால் இந்த எல்லையும் அதே விகிதத்தில் கூடும், 4 மி.மீ. தகடு என்றால் உங்கள் 200 சதுரமே சேணமாக வந்திருக்கும்.

---

தறிக்காரன் | அக்டோபர் 15, இரவு 7.30

வெட்டினேன். 30 மி.மீ. துண்டு பார்க்கத் தட்டை. ஸ்டீல் ஸ்கேலை ஓரமாக நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு திசையில் நடுவில் வெளிச்சம் கசிகிறது. ஸ்கேலைக் குறுக்கே திருப்பினால் நடுவில் முட்டி, இரண்டு ஓரத்திலும் வெளிச்சம். சேணம்! அழுத்தினால் டப்பும் இல்லை.

இழைத் திசை அடையாளமும் சரியாக இருந்தது.

---

புது_வாசகர் | அக்டோபர் 16, காலை 10.10

எனக்கும் இதே பிரச்சினை. 90 டிகிரி எல் வடிவ பிராக்கெட் செய்தேன், அடுக்கு எல்லாம் சமச்சீர்தான். மோல்டு சரியாக 90, பிராக்கெட் 88.6 வருகிறது. என் அடுக்கு வரிசையை யாராவது சரிபார்க்க முடியுமா?

---

பழைய ஆட்டோகிளேவ் | அக்டோபர் 16, இரவு 8.50

இது வேறு வியாதி. உங்கள் வரிசையில் தப்பில்லை. தகட்டின் தடிமன் திசையில் இழையே கிடையாது, அதனால் தடிமன் தாராளமாகச் சுருங்கும், நீளம் சுருங்காது. நேரான இடத்தில் அதனால் நஷ்டமில்லை. மூலையில் தடிமன் குறைந்தும் உள் வளைவும் வெளி வளைவும் நீளம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் கோணம் மூடியே ஆக வேண்டும். ஒன்று, ஒன்றரை டிகிரி சகஜம். மோல்டை 91.4க்குச் செய்யுங்கள். சமச்சீர் இதைக் காப்பாற்றாது.

---

மரவேலை | அக்டோபர் 17, காலை 7.00

வளைஞ்ச தகடு ரெண்டு கையில இருக்குன்னு சொன்னீங்களே. ரெண்டையும் முதுகோட முதுகு வெச்சு ஒட்டுங்க. ஒரே மாதிரி அடுக்கை எதிரெதிரா.

---

தறிக்காரன் | அக்டோபர் 17, காலை 7.25

அட!

0, 0, 90, 90 மேல் இன்னொன்றைக் கவிழ்த்தால் 90, 90, 0, 0. நடுவில் கண்ணாடி வைத்த மாதிரி.

---

தறிக்காரன் | அக்டோபர் 19, இரவு 9.45

30 சதுரம் வெட்டியதில் ஒரு தகடு மூலை போய்விட்டது, அதனால் இரண்டையும் 150க்கு வெட்டினேன். அறைச் சூட்டில் காயும் எபாக்ஸி தடவி, இரண்டு கிரானைட் துண்டுக்கு நடுவில் வைத்து, மேலே பழைய மாவரைக்கும் கல்லை ஏற்றி அழுத்தி ஒரு நாள் விட்டேன். தட்டையோ தட்டை. ஃபீலர் கேஜில் 0.2க்கு மேல் எங்கும் நுழையவில்லை. ஆனால் ஒரு மூலை மறுநாளே வாய் பிளந்தது. அந்த மூலையை நான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மறந்திருந்தேன். பிரிந்த இடத்தில் இரண்டு தகடும் தத்தம் பக்கம் வளைந்து நிற்கிறது, பறவை அலகு மாதிரி.

---

பழைய ஆட்டோகிளேவ் | அக்டோபர் 20, காலை 6.30

அந்த அலகைப் பத்திரமாக வையுங்கள். “சமச்சீர் போட்டால் உள்ளே இறுக்கமே இல்லை” என்று நினைக்கிறவர்களுக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இறுக்கம் போகவில்லை, இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். 0, 90, 90, 0 போட்ட உங்கள் பழைய முப்பது தகட்டுக்குள்ளும் இதே இழுபறிதான். இழைகளுக்கு நடுவே, இழை ஓடும் திசையிலேயே ரெசினில் மயிரிழை விரிசல் சீக்கிரம் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பறக்கும் பாகத்தில் இப்படி ஒட்டிய தகட்டைப் போடாதீர்கள். ஸ்டாண்ட் செய்ய வைத்துக்கொள்ளுங்கள்.

என் கதையும் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டு இழைச் சாட்டின் துணியில் இரண்டு அடுக்குப் பேனல் போட்டேன். நெய்த துணி, இரண்டு திசையிலும் நூல், இது எப்படி வளையும் என்ற தைரியம். வளைந்து வந்தது. அந்த நெசவில் ஒரு முகத்தில் பாவு நூல்தான் கண்ணுக்குத் தெரியும், மறுமுகத்தில் ஊடை நூல். துணியே சமச்சீரற்றது. இரண்டாவது துண்டைக் கவிழ்த்துப் போட்டிருக்க வேண்டும், நான் இரண்டையும் ஒரே முகமாகப் போட்டேன். மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை, அந்தப் பேனலை என் மேஜையில் பேனா வைக்கும் தட்டாக ஒரு வருஷம் வைத்திருந்தார்.

---

தறிக்காரன் | நவம்பர் 8, இரவு 10.00

இரண்டு விஷயம்.

முதலாவது ரேகைக்கு. அந்தத் தப்பான வரிசையில் விளையாட்டுக்கென்று இன்னொரு 200 மி.மீ. தகடு போட்டு (பையன்கள் கெஞ்சினார்கள்) அலமாரி மேல் வைத்திருந்தேன். போட்ட அன்றைக்கு 19.5. சென்னையில் இந்த மூன்று வாரமும் மழை. இன்று எடுத்து அளந்தால் 16. யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்கிறார்கள்.

இரண்டாவது பெரிய தலைவலி. சரியான வரிசையில், 0, 90, 90, 0, நானே அடுக்கிய புதுத் தகடு ஒன்றரை மி.மீ. வளைந்திருக்கிறது. ஓடு அளவுக்கு இல்லை, ஆனால் முன்பு வந்த முப்பதும் இப்படி இல்லை. மாறினது ஒன்றுதான்: பழைய ஸ்டீல் மோல்டுத் தட்டு துருப்பிடித்ததால் அலுமினியத் தட்டு வாங்கினேன்.

---

ரேகை | நவம்பர் 8, இரவு 11.30

முதலாவதற்குக் காரணம் ஈரம் என்று நினைக்கிறேன். எபாக்ஸி காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து ஊதும். ஊதுவதும் இழைக்குக் குறுக்கேதான். ஆறும்போது சுருங்கியதில் ஒரு பங்கை ஈரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. தகட்டை 80 டிகிரி ஓவனில் இரண்டு நாள் உலர்த்திவிட்டு அளந்து பாருங்கள். உங்கள் முதல் தகடு 21க்குப் பதில் 19 காட்டியதில் ஈரத்துக்குப் பங்கு உண்டா என்பது வேறு, அது போட்ட அன்றே அளந்தது. அங்கே பிரிப்ரெக்கின் உண்மையான 28தான் சந்தேகம்.

---

பழைய ஆட்டோகிளேவ் | நவம்பர் 9, காலை 6.15

அலுமினியம் என்றதும் எனக்குச் சந்தேகமில்லை. சூடேறும்போது அலுமினியம் நன்றாக நீளும். வேக்வம் அழுத்துவதால் மோல்டை ஒட்டிய அடுக்கை அதுவும் கூட இழுத்துக்கொண்டு போகும், அந்த இழுப்போடு ரெசின் இறுகிவிடும். வெளியே எடுத்தால் கீழ் அடுக்கு பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். மோல்டு பக்கம் குழிந்து, நடு தூக்கி நிற்கிறதா?

---

வேகம்99 | நவம்பர் 9, காலை 9.00

இல்ல சார், கையால அடுக்கும்போது ஒரு ப்ளை ரெண்டு மூணு டிகிரி சாய்ஞ்சிருந்தாலும் சமச்சீர் போயிடும்ல? நான் இப்ப புராஜெக்ட்ல வேணும்னே மூணு டிகிரி திருப்பிப் பார்த்தேன், மூலை தூக்குச்சு. அலுமினியத்தை மட்டும் ஏன் பிடிக்கிறீங்க?

---

பழைய ஆட்டோகிளேவ் | நவம்பர் 9, இரவு 9.10

சரியான மறுப்பு. தட்டு மாறிய அன்றே கையும் சாய்ந்திருக்கலாம். பிரித்துப் பார்க்க வழி உண்டு. இரண்டு தகடு போடுங்கள். இரண்டாவதை அடுக்கி முடித்து, ஓவனுக்குப் போகும் முன் மொத்த அடுக்கையும் அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து மோல்டில் வையுங்கள். எந்த அடுக்கு முதலில் போட்டது என்று மார்க்கரில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் மோல்டு பக்கமே குழிந்தால் குற்றவாளி மோல்டு. குழிவு அடுக்கோடு சேர்ந்து புரண்டால் குற்றவாளி உங்கள் கை.

---

தறிக்காரன் | நவம்பர் 14, இரவு 8.40

உலர்த்தியதில் 16 மி.மீ. தகடு 19க்கு ஏறிவிட்டது. பையன்களுக்குச் சந்தோஷம்.

கவிழ்த்துப் போட்ட சோதனை: முதல் தகடு மோல்டு பக்கம் குழிவு, 1.4. இரண்டாவது தகடும் மோல்டு பக்கம் குழிவுதான், ஆனால் 0.6. கூடவே ஒரு மூலை மட்டும் லேசாகத் தூக்குகிறது. சார் சொன்னதும் சரி, வேகம் தம்பி சொன்னதும் சரி என்று தகடு சொல்கிறது போல. ஒன்று கூட்டியது, ஒன்று கழித்தது.

மோல்டுக்கும் அடுக்குக்கும் நடுவில் வழுக்கும் ஃபிலிம் ஒன்று போட்டுப் பார்க்கிறேன். அடுக்கும் பலகையில் 0, 90 கோடு கீறி, விளிம்புக்குக் கட்டையும் அடித்தாயிற்று, மரவேலை அண்ணன் செய்து கொடுத்தார்.

---

மரவேலை | நவம்பர் 15, காலை 7.10

கட்டைக்குப் பின்பக்கமும் சன்மைக்கா ஒட்டித்தான் கொடுத்திருக்கேன். பார்த்துக்கோங்க.